பி.எஸ்.ஏ மாதிரியில் காணாமல் போன சிஸ்டீன்கள்: டி.டி.டி, அயோடோஅசெட்டமைடு கணக்கைத் திருத்திய பதிவு

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் முக்கியமான மாதிரிகளைப் போடும் முன்பு, டிரிப்சின் நொதியால் நாங்களே செரித்த பி.எஸ்.ஏ ஒன்றை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். மாட்டு ரத்தத்து ஆல்புமின். விலை குறைவு, வரிசை முழுக்கத் தெரிந்தது. டைசல்ஃபைடுகளை டி.டி.டி-யால் ஒடுக்கி அவிழ்ப்பது, அவிழ்ந்த சிஸ்டீன்களை அயோடோஅசெட்டமைடால் மூடி ஆல்கைலேற்றம் செய்வது என்ற சிஸ்டீன் வேலை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்க இதைவிட நல்ல புரதம் கிடைக்காது. ஒரு மூலக்கூறில் 35 சிஸ்டீன். அவற்றில் 34 இரண்டிரண்டாகக் கோத்து 17 டைசல்ஃபைடு பிணைப்புகளாக இருக்கின்றன, ஒன்று மட்டும் தனியாக நிற்கிறது.

அன்று வந்த முடிவில் வரிசைப் பரப்பு வழக்கத்தைவிட நன்றாகக் குறைந்திருந்தது. கருவி மேல் சந்தேகப்பட்டு, பெப்டைடுகளைப் பிரிக்கும் பிரிப்புக் குழாயை மாற்றலாமா என்றுகூட யோசித்தோம். ஆனால் பெப்டைடு பட்டியலைப் பொறுமையாகப் படித்தபோது வேறு விஷயம் தெரிந்தது. LVNELTEFAK, YLYEIAR போன்றவை எப்போதும் போல உயரமாக, அழகாக வந்திருந்தன. இரண்டிலும் சிஸ்டீன் கிடையாது. LCVLHEK, YICDNQDTISSK, CCTESLVNR ஆகியவை ஒன்று இல்லவே இல்லை, அல்லது மிகச் சிறியதாக இருந்தன. இவை மூன்றிலும் C, அதாவது சிஸ்டீன், இருக்கிறது. பிரிப்புக் குழாயோ ஸ்பிரேயோ கெட்டால் இப்படிப் பொறுக்கி எடுத்த மாதிரி சிஸ்டீன் பெப்டைடுகள் மட்டும் போகாது.

சரி, எங்கே போயின? அடுத்து செய்த ஒரு சின்ன மாற்றத்தில் விடை கிடைத்தது. அயோடோஅசெட்டமைடு சிஸ்டீனில் ஒட்டவைக்கும் கார்பமிடோமெத்தில் மாற்றத்தைத் தேடல் மென்பொருளில் நிலையான மாற்றம் என்று வைத்திருந்தோம். அப்படி வைத்தால், எல்லாச் சிஸ்டீனும் 57.0215 டால்டன் கூடித்தான் இருக்கும் என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. ஆல்கைலேற்றம் ஆகாத பெப்டைடு கண் முன்னால் பெரிய சிகரமாக நின்றாலும் அதன் பெயர் பட்டியலில் வராது. அதை மாறும் மாற்றமாக ஆக்கி மறுபடி தேடினேன். LCVLHEK கிடைத்தது. இருக்க வேண்டிய 449.74-இல் இல்லை, இரட்டை மின்சுமையில் 421.23-இல் இருந்தது. அதாவது எதுவும் ஒட்டாத வெறும் சிஸ்டீன். டிரிப்சின் தன் வேலையைச் செய்திருக்கிறது, அதற்கு முந்தைய படியில்தான் கோளாறு.

வழக்கமான தேடலை நிலையான மாற்றத்தோடு நடத்துவதில் தவறில்லை, தேடல் வேகமாக முடியும். ஆனால் செய்முறை சரியா என்று சோதிக்கும் மாதிரிக்கு ஒரு தடவையாவது மாறும் மாற்றமாக வைத்துத் தேட வேண்டும். இல்லாவிட்டால் நாம் தேடும் பிழையை மென்பொருளே நம்மிடமிருந்து மறைத்துவிடும்.

இப்போது செய்முறைக்கு வருகிறேன். எங்களிடம் கைமாறி வந்த குறிப்பில் இப்படி இருந்தது: டி.டி.டி 10 மில்லிமோலார், அப்புறம் அயோடோஅசெட்டமைடு 20 மில்லிமோலார், இருட்டில் 30 நிமிடம். பார்த்தவுடன் "இரண்டு மடங்கு போட்டிருக்கிறோமே, போதாதா" என்று தோன்றும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் டி.டி.டி மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு தையால், அதாவது சிஸ்டீனில் இருப்பது போன்ற SH தொகுதி, இருக்கிறது. 10 மில்லிமோலார் டி.டி.டி என்றால் 20 மில்லிமோலார் தையால். போட்ட 20 மில்லிமோலார் அயோடோஅசெட்டமைடு முழுவதையும் டி.டி.டி மட்டுமே தின்று தீர்த்துவிட முடியும். புரதத்துக்கென்று கணக்கில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

புரதம் எவ்வளவு கேட்கிறது என்பதையும் போட்டுப் பார்த்தேன். 100 மைக்ரோகிராம் பி.எஸ்.ஏ என்பது சுமார் 1.5 நானோமோல். அதை 35-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 53 நானோமோல் சிஸ்டீன். அது 100 மைக்ரோலிட்டரில் இருந்தால் 0.53 மில்லிமோலார். சிஸ்டீன் நிறைந்த புரதத்துக்கே இவ்வளவுதான். ஆக, அயோடோஅசெட்டமைடு எவ்வளவு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது புரதம் அல்ல, நாம் ஊற்றும் டி.டி.டி-தான்.

அப்படியானால் இந்தக் குறிப்பு இத்தனை நாள் எப்படி ஓடியது? என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இது. அயோடோஅசெட்டமைடு தாக்குவது புரோட்டானை இழந்த தையாலை, அதாவது தையோலேட்டை. சாதாரணச் சிஸ்டீனின் பி.கே.ஏ 8.3-க்கு அருகில், டி.டி.டி-யின் முதல் தையாலுக்கு 9.2. பி.ஹெச் 8-இல் வைத்தால் சிஸ்டீனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தயாராக நிற்கும், டி.டி.டி-யில் மிகச் சிறு பங்குதான் நிற்கும். எனவே அயோடோஅசெட்டமைடு புதிதாக, முழு வலுவோடு இருந்தால் சிஸ்டீன்கள் முந்திக்கொள்கின்றன. கணக்கில் மிச்சம் இல்லாவிட்டாலும் முடிவு நன்றாக வந்துவிடுகிறது. மருந்து கொஞ்சம் வலுவிழந்தாலோ, பி.ஹெச் கொஞ்சம் இறங்கினாலோ அந்தச் சலுகை போய்விடும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

அந்த அயோடோஅசெட்டமைடு குழாயை வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பார்த்தேன். நிறமே இல்லாமல் இருக்க வேண்டிய கரைசலில் வெளிர் மஞ்சள் ஏறியிருந்தது. முன்பு கரைத்து, உறைய வைத்து, பலமுறை வெளியே எடுத்து உருக்கியது. வெளிச்சம் பட்டால் அயோடோஅசெட்டமைடு சிதைந்து அயோடின் வெளிவரும், அந்த மஞ்சள் அயோடினுடையது. அது வெறும் வலுவிழப்பு மட்டும் இல்லை. அயோடின் தானே தையால்களை ஆக்சிஜனேற்றம் செய்து, நாம் பாடுபட்டு அவிழ்த்த டைசல்ஃபைடைத் திரும்பக் கட்டிவிடும். டைரோசினிலும் போய் ஒட்டும், நிறை 125.897 கூடிய பெப்டைடுகள் கண்ணில் பட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகத்தை உறுதிப்படுத்த ஒரு எளிய சோதனை செய்தேன். இதைச் செய்யாமல் இப்போது நான் புதுக் குறிப்பு எதையும் நம்புவதில்லை. டி.டி.என்.பி என்ற எல்மன் மருந்தை, பி.ஹெச் 8 டிரிஸ் பஃபரில் 1 மில்லிமோலாராகக் கரைத்து வைக்க வேண்டும், மில்லிலிட்டருக்கு 0.4 மில்லிகிராம். அதில் 50 மைக்ரோலிட்டர் எடுத்து, ஆல்கைலேற்றம் முடிந்த கலவையில் ஒரே ஒரு மைக்ரோலிட்டரை விட வேண்டும். தையால் மிஞ்சியிருந்தால் உடனே மஞ்சளாகும். மிஞ்சாவிட்டால் நிறம் மாறாது. புரதமே இல்லாமல் மூன்று குழாய் வைத்தேன், மூன்றிலும் டி.டி.டி 10 மில்லிமோலார். பழைய அயோடோஅசெட்டமைடு 20 மில்லிமோலார் சேர்த்ததில் பளிச்சென்று மஞ்சள். புதிதாகக் கரைத்த 20 மில்லிமோலாரில் லேசான மஞ்சள் சாயல். புதிய 40 மில்லிமோலாரில் ஒன்றுமில்லை. வேறு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. நிறத்தை உடனே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் மிச்சமிருக்கும் அயோடோஅசெட்டமைடு அந்த மஞ்சளையும் மெல்ல அழிக்கும். டி.டி.டி-க்குப் பதிலாக டிசெப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தச் சோதனை உதவாது. டிசெப் தானே டி.டி.என்.பி-யை ஒடுக்கி மஞ்சளாக்கிவிடும்.

அடுத்து நான் செய்தது நேர் எதிர்ப் பிழை. குறைவாகப் போட்டதால் கெட்டது, நிறையப் போட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தேன். டி.டி.டி 5, அயோடோஅசெட்டமைடு 50 மில்லிமோலார், ஒரு மணி நேரம் 37 டிகிரியில். மிச்சத்தை அடக்காமல் அப்படியே டிரிப்சினை ஊற்றி இரவு முழுக்க விட்டேன். மறுநாள் சிஸ்டீன் பெப்டைடுகள் அத்தனையும் இருந்தன. சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். இப்போது சிஸ்டீனே இல்லாத LVNELTEFAK-இன் சிகரம் இரண்டாகப் பிரிந்திருந்தது. 582.32-இல் இருக்க வேண்டிய சிகரத்தின் ஒரு பங்கு 610.83-க்குப் போயிருந்தது. 28.51 வித்தியாசம், இரட்டை மின்சுமையில் 57.02. LCVLHEK-க்கும் 449.74-இன் கூடவே 478.26-இல் ஒரு துணை. செரிமானம் நடக்க நடக்கப் புதிதாக உருவாகும் ஒவ்வொரு பெப்டைடின் அமினோ முனையையும், காத்துக்கொண்டிருந்த மிச்ச அயோடோஅசெட்டமைடு பிடித்துக்கொண்டது.

மிகை ஆல்கைலேற்றம் முனைகளோடு நிற்பதில்லை. லைசினில் ஏறினால் அந்த இடத்தில் டிரிப்சின் வெட்டாது. ஒரே லைசினில் இரண்டு ஏறினால் கூடுவது 114.0429. யுபிக்விட்டின் ஒட்டிய லைசினில், டிரிப்சின் வெட்டிய பிறகு மிஞ்சும் இரண்டு கிளைசினின் நிறையும் அதேதான், அணுக்களின் எண்ணிக்கைகூட ஒன்றேதான். எவ்வளவு துல்லியமான கருவியாலும் நிறையை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. யுபிக்விட்டின் தேடுபவர்கள் குளோரோஅசெட்டமைடுக்குப் போனதற்கு இதுதான் காரணம். மெத்தியோனின் விஷயம் இன்னும் நுணுக்கமானது. அதில் ஏறிய கார்பமிடோமெத்தில், பெப்டைடை உடைக்கும்போது மெத்தியோனினின் கந்தகத்தையும் இழுத்துக்கொண்டு 105.02 டால்டனாகக் கழன்றுவிடும். அந்தப் பெப்டைடு 57 கூடியதாக அழகாக அடையாளம் காணப்படும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பெரும்பாலும் அடையாளமே கிடைக்காமல் தொலையும்.

இரண்டு பிழைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. எத்தனை மில்லிமோலார் என்ற எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. டி.டி.டி-யின் தையாலையும் புரதத்தின் தையாலையும் கூட்டி, அதைவிட அயோடோஅசெட்டமைடு எவ்வளவு அதிகம் என்று பார்க்க வேண்டும். மிச்சம் சில மில்லிமோலார் இருந்தால் போதும். அந்த மிச்சமும் வேலை முடிந்ததும் அடக்கப்பட வேண்டும்.

மூன்றாவது முறை செய்ததை அளவோடு எழுதுகிறேன். 100 மைக்ரோகிராம் பி.எஸ்.ஏ, 100 மைக்ரோலிட்டரில். 8 மோலார் யூரியா, 100 மில்லிமோலார் அம்மோனியம் பைகார்பனேட், பி.ஹெச் 8. யூரியா இல்லாமலும் முயன்றதுண்டு. மடிந்த ஆல்புமினின் உள்ளே இருக்கும் பிணைப்புகளை டி.டி.டி எட்டிப் பிடிக்க நேரமாகிறது, அதனால் புரதத்தை முதலில் அவிழ்த்துவிடுவது நல்லது. பஃபரை 50-க்குப் பதில் 100 ஆக வைத்ததற்கும் காரணம் உண்டு. ஆல்கைலேற்றம் நடக்கும்போது ஒவ்வொரு தையாலுக்கும் ஒரு புரோட்டான் வெளியாகிறது. இந்தச் செய்முறையில் அது 10 மில்லிமோலாருக்கு மேல். மெல்லிய பைகார்பனேட்டில் பி.ஹெச் 7 பக்கம் சரிந்துவிடும், அங்கே தையோலேட் குறைந்து வேலை மந்தமாகும். பி.ஹெச் காகிதத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

டி.டி.டி 15.4 மில்லிகிராமை 200 மைக்ரோலிட்டர் தண்ணீரில் கரைத்தால் 500 மில்லிமோலார். பஃபரில் கரைக்காதீர்கள். பி.ஹெச் 8.5-இல், 20 டிகிரியில் அதன் அரை ஆயுள் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு, 6.5-இல் சுமார் 40 மணி. தண்ணீரில் கரைத்துச் சிறு பங்குகளாக மைனஸ் 20-இல் உறைய வைத்து, ஒரு பங்கை ஒரு முறை மட்டும் எடுப்பதே என் பழக்கம். இதில் 1 மைக்ரோலிட்டரைப் புரதக் கரைசலில் சேர்த்தால் 5 மில்லிமோலார். 37 டிகிரியில் 45 நிமிடம் வைத்தேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டி.டி.டி-க்கு 56 டிகிரி, 30 நிமிடம் என்று பல குறிப்புகளில் பார்த்திருப்பீர்கள். யூரியா இல்லாத பஃபருக்கு அது நல்லதுதான். யூரியாவைச் சூடாக்கினால் அதிலிருந்து சயனேட் பிறந்து அமினோ முனைகளையும் லைசின்களையும் கார்பமைலேற்றம் செய்யும். அடையாளம் 43.006 கூடிய பெப்டைடுகள். எங்கள் பகுதியில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், சிஸ்டீன் வேலை நன்றாக முடிய வேண்டும் என்ற அக்கறையில் சூட்டைக் கூட்டி வைத்துவிட்டார். சிஸ்டீன்கள் குறையில்லாமல் வந்தன, 43-கள் பட்டியல் முழுக்க நிறைந்திருந்தன. யூரியா இருந்தால் 37-ஐத் தாண்ட வேண்டாம். யூரியாக் கரைசலும் அன்றன்றைக்குச் செய்ததாக இருக்கட்டும்.

ஒடுக்கம் முடிந்ததும் குழாயை அறை வெப்பத்துக்கு வரவிட்டேன். அந்த இடைவெளியில்தான் அயோடோஅசெட்டமைடைக் கரைக்கிறேன், அதற்கு முன்பு இல்லை. கையுறை போட்டு, தோலில் படாமல் எடை போட வேண்டும். அது உடம்பில் உள்ள சிஸ்டீன்களையும் இப்படித்தான் தாக்கும். சரியாக 18.5 மில்லிகிராமுக்காகத் துளித்துளியாகப் போராடுவதில்லை. குழாயில் விழுந்த எடையைக் குறித்துக்கொண்டு, 92.5 மில்லிகிராமுக்கு 1 மில்லிலிட்டர் என்ற விகிதத்தில் தண்ணீரை மாற்றிக்கொள்கிறேன். 21 மில்லிகிராம் விழுந்தால் 227 மைக்ரோலிட்டர் தண்ணீர். அதுவும் 500 மில்லிமோலார்தான். மிச்சக் கரைசலைச் சேமிப்பதில்லை. குழாயைச் சுற்றி அலுமினியத் தாள்.

அதில் 3 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 15 மில்லிமோலாருக்குச் சற்றுக் கீழே. கணக்கு இப்போது இப்படி நிற்கிறது: டி.டி.டி-யின் தையால் 10, புரதத்தினுடையது அரை, மொத்தம் 10.5. அயோடோஅசெட்டமைடில் 4 மில்லிமோலாருக்கு மேல் மிச்சம், புரதத்தின் சிஸ்டீனைப் போல எட்டு மடங்கு. அறை வெப்பத்தில், இருட்டில் 30 நிமிடம். டி.டி.என்.பி-யில் 1 மைக்ரோலிட்டர் விட்டேன், நிறம் மாறவில்லை. உடனே அதே டி.டி.டி கரைசலில் இன்னொரு 1 மைக்ரோலிட்டர் சேர்த்து 15 நிமிடம் விட்டேன். புதிதாக வந்த 10 மில்லிமோலார் தையால், மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டுவிடும்.

பலரும் இந்த இரண்டாவது டி.டி.டி-க்குத் தயங்குவது, டிரிப்சினுக்கும் ஆறு டைசல்ஃபைடுகள் இருப்பதால். தயக்கம் நியாயமானதே. ஆனால் அடுத்து யூரியாவைக் குறைக்க 50 மில்லிமோலார் அம்மோனியம் பைகார்பனேட் 700 மைக்ரோலிட்டர் சேர்க்கிறோம். யூரியா 1 மோலாருக்கு இறங்கும்போது, மிஞ்சிய தையாலும் எட்டில் ஒன்றாகி 1 மில்லிமோலாருக்குக் கீழே போகிறது. டிரிப்சின் அதைத் தாங்கிக்கொள்கிறது. 2 மைக்ரோகிராம் டிரிப்சின், 37 டிகிரியில் ஓர் இரவு, காலையில் ஃபார்மிக் அமிலத்தால் பி.ஹெச் 3-க்குக் கீழே இறக்கி நிறுத்தினேன்.

முடிவைப் பார்க்கும்போது மூன்று இடங்களை மட்டும் முதலில் திறந்தேன். 421.23-இல் வெறும் LCVLHEK இல்லை. 449.74 உயரமாக நின்றது. 610.83-இல் LVNELTEFAK-இன் நிழல் கண்ணுக்குப் படவில்லை. முதலாவது குறைவான ஆல்கைலேற்றத்தையும், மூன்றாவது மிகையையும் காட்டிக்கொடுக்கும். பி.எஸ்.ஏ ஓட்டும் எவரும் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். CCTESLVNR-க்கு 17.03 குறைந்த ஒரு துணை இருந்தது, அது பிழை இல்லை. கார்பமிடோமெத்தில் ஏறிய சிஸ்டீன் பெப்டைடின் முதல் இடத்தில் வந்தால், அம்மோனியாவை இழந்து வளையமாகிக்கொள்ளும்.

டிசெப் பக்கம் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: போகலாம். அதில் தையால் கிடையாது, எனவே மேலே போட்ட டி.டி.டி கணக்கு அங்கே பொருந்தாது. ஆனால் ஹைட்ரோகுளோரைடாக வாங்கும் டிசெப் கரைந்தவுடன் கடும் அமிலமாக இருக்கும். நடுநிலையாக்காமல் பைகார்பனேட்டில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு பி.ஹெச் சரியும், ஒடுக்கம் நடந்திருந்தாலும் ஆல்கைலேற்றம் படுத்துவிடும். சோடியம் ஹைட்ராக்சைடால் 7-க்குக் கொண்டுவந்து பிறகு பயன்படுத்துங்கள், பாஸ்பேட் பஃபரில் வைக்காதீர்கள். டிசெப் 10, குளோரோஅசெட்டமைடு 40 மில்லிமோலார் இரண்டையும் ஒன்றாகவே சேர்த்துச் சூடாக்கும் முறையும் சோடியம் டிஆக்ஸிகோலேட் போன்றவற்றில் நன்றாக ஓடுகிறது. அங்கே யூரியா இல்லாததால் 95 டிகிரிக்குப் பயப்பட வேண்டியதில்லை. எங்கள் யுபிக்விட்டின் மாதிரிகள் இப்போது அந்த வழியில்தான் போகின்றன. மற்றவற்றுக்கு 5, 15, மீண்டும் 5 என்ற அளவுதான் குழாய் அடுக்குக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் டி.டி.என்.பி-க்கு ஒரு சிறிய குழாய்.